பழ வாசம் உண்டு, சர்க்கரை இல்லை

மும்பையில் மதுக்கடைப் பலகைகளில் 'ஒயின்ஸ்' என்று எழுதியிருக்கும். உள்ளே விற்பது பெரும்பாலும் விஸ்கியும் பீரும்தான். தாதரில் அப்படி ஒரு கடையின் ஓரத் தட்டில் நாசிக் சிவப்பு ஒயின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புட்டிக்குக் கீழே 'மென்மையானது, பழச்சுவை மிக்கது' என்று ஒரு சிறு அட்டை. அந்த வரி பொய் அல்ல. ஆனால் ஒயின் பழக்கமில்லாத ஒருவர் அதைப் படித்தால், பழம் என்றால் இனிப்பு என்றும், மென்மை என்றால் போதை குறைவு என்றும் எடுத்துக்கொள்வார். இரண்டும் தப்புக் கணக்கு. அட்டை நேர்மையாக இருக்க வேண்டுமானால், மூக்கு சொல்வதையும் நாக்கு சொல்வதையும் அது பிரித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் பழம். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. நொதித்தல் முழுமையாக முடிந்த 'ட்ரை' ஒயினில் லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை மிஞ்சாது என்பது பொதுவான அளவுகோல். 150 மில்லி கோப்பை ஒன்றில் அது அரை கிராமைச் சற்றே தாண்டும். அதே அளவு கோலாவில் 15 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். பிறகு பழம் எங்கிருந்து வருகிறது? நொதிக்கும்போது ஈஸ்ட் எஸ்டர் எனப்படும் மணப்பொருள்களையும் உண்டாக்குகிறது. அவற்றில் ஒன்றான ஐசோஅமைல் அசிட்டேட்டுக்கு வாழைப்பழ வாசம். வேறு சில எஸ்டர்கள் ஆப்பிளையும் ஸ்ட்ராபெர்ரியையும் நினைவூட்டும். ஒரு மிடறு விழுங்கும்போது இந்த ஆவி தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. பழ வாசத்தையும் இனிப்பையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தே அறிந்த மூளை, சர்க்கரை இல்லாத இடத்திலும் இனிப்பைக் கொஞ்சம் கற்பித்துக்கொள்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தால் பழம் காணாமல் போகும். புளிப்பும் லேசான துவர்ப்பும் மட்டும் மிஞ்சும்.

மென்மை என்பது அந்தத் துவர்ப்பின் கணக்கு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின், உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பிடித்துத் திரள வைக்கிறது. வாயின் வழவழப்பு போய், பாக்கு மென்றதுபோல நாக்கு இழுக்கிறது. எவ்வளவு டானின் இறங்கும் என்பதைத் தேயிலையைப் போல ஊறும் நேரமும் சூடும் தீர்மானிக்கின்றன. கூடவே, சாற்றில் ஆல்கஹால் ஏற ஏற விதையிலிருந்து அதிகம் இறங்கும். கனமான சிவப்பு ஒயினுக்குத் தோலை இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஊறவிடுவார்கள். மென்மையானதற்குச் சில நாட்களிலேயே வடித்துவிடுவார்கள். இன்னொரு வழியும் உண்டு. பிரான்சில் 1930-களில் மிஷேல் ஃப்லான்ஸி ஆராய்ந்து சொன்ன முறை அது: கொத்துகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் அடுக்கி, கரியமில வாயுவால் நிரப்பி மூடிவிடுவது. காற்றில்லாத நிலையில் பழத்தின் சொந்த நொதிகளே உள்ளுக்குள் சுமார் 2 சதவீதம் ஆல்கஹாலை உண்டாக்கும். கூர்மையான மாலிக் அமிலமும் கணிசமாகக் குறையும். பழம் வெடிக்கத் தொடங்கியதும் பிழிந்து, மீதி வேலையை ஈஸ்டிடம் விடுவார்கள். நிறம் தோலிலிருந்து வந்துவிடும், டானின் அதிகம் வராது. நவம்பர் மூன்றாவது வியாழனன்று வெளியாகும் போஜோலே நுவோ ஒயினின் வாழைப்பழ வாசத்துக்கும் இதமான வாய்க்கும் இந்த வகை முறைதான் பின்னணி.

மணத்தை வர்ணிக்கும் சொற்களையே நம்ப முடியாது என்று ஒருவர் மறுக்கலாம். அவர் பக்கம் வலுவான சான்று இருக்கிறது. 2001-இல் வெளியான போர்தோ ஆய்வொன்றில், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு, மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். கண் மூக்குக்கு உத்தரவு போடுகிறது. அதனால் அட்டையில் 'காட்டுச் செர்ரி, புகையிலை, வயலட்' என்று அடுக்குவதை நான் நம்புவதில்லை. தாதர் பூச்சந்தையில் வயலட்டை யார் முகர்ந்திருக்கிறார்கள்? ஆனால் இந்த ஆய்வு அட்டையையே தூக்கிப்போடச் சொல்லவில்லை. மணச் சொற்கள் வழுக்கும், சர்க்கரை வழுக்காது. ஆய்வகத்தில் அளந்து எண்ணாகச் சொல்லலாம். துவர்ப்பு 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்ற அளவிலாவது பெரும்பாலோரின் வாய்க்கு ஒத்துப்போகும். மணத்துக்கு ஒன்றிரண்டு சொல் போதும்.

போதைக்கு வருவோம். மென்மையான சிவப்பு ஒயினிலும் ஆல்கஹால் 12, 13 சதவீதம் இருப்பது சகஜம். 13 சதவீத ஒயின் 150 மில்லியில் சுமார் 15 கிராம் ஆல்கஹால். 42.8 சதவீத விஸ்கியின் 30 மில்லி பெக்கில் சுமார் 10 கிராம். அதாவது ஒரு கோப்பை, ஒன்றரை சிறிய பெக்குக்குச் சமம். துவர்ப்பு இழுத்துப் பிடிக்காததால் கோப்பை சீக்கிரம் காலியாகும். மென்மை என்ற சொல்லின் ஆபத்து இதுதான். எந்த அளவு குடித்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், சதவீதத்தை அட்டையில் பெரிதாகப் போடுவது கடைக்காரரின் கடமை.

தாதருக்கென்று தனியாக ஒரு சங்கதியும் உண்டு: வெக்கை. பழ வாசம் தரும் அசிட்டேட் எஸ்டர்கள் புட்டிக்குள்ளேயே நீருடன் வினைபுரிந்து மெல்லச் சிதைகின்றன. சூடு கூடக் கூட வேகமும் கூடும். ஏசி இல்லாத கடையில் 30 டிகிரிக்கு மேல் ஒரு கோடை முழுக்க நின்ற புட்டியில், அட்டை வாக்களித்த பழம் பாதிகூட இருக்காது. கனமான ஒயின் டானின் பலத்தில் தாக்குப்பிடிக்கலாம்; இந்த வகைக்குப் பழத்தை விட்டால் கைவசம் வேறொன்றும் இல்லை. நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை என்பதால், அறுவடை ஆண்டைப் பார்த்தாலே புட்டியின் வயது தெரிந்துவிடும். ஊற்றும்போது ஓரத்தில் செங்கல் நிறம் தட்டினாலோ, புதுப் பழத்துக்குப் பதில் காய்ச்சிய ஜாம் வாசம் வந்தாலோ, புட்டி வெயில்பட்டது அல்லது கிழடு தட்டியது. 'அறை வெப்பத்தில் பருகுக' என்ற ஐரோப்பிய வழக்கமும் இங்கே செல்லாது. அந்த அறை 18 டிகிரி. நம் அறையில் ஆல்கஹால் நெடி முந்திக்கொண்டு பழத்தை அமுக்கிவிடும்.

இத்தனையும் சேர்ந்தால் அட்டை இப்படி அமையலாம்:

'நாசிக் சிவப்பு ஒயின். வாழைப்பழம், செர்ரி வாசம். ஆனால் இனிப்பு இல்லை (சர்க்கரை லிட்டருக்கு 4 கிராமுக்குள்). துவர்ப்பு குறைவு, லேசான புளிப்பு. ஆல்கஹால் 13%: மென்மை வாய்க்குத்தான், தலைக்கு அல்ல. முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து ஊற்றவும். வைத்திருந்து பழசாக்க வேண்டாம். அறுவடை ஆண்டு: ____'

'இனிப்பு இல்லை' என்று எழுதினால் வாங்க வந்தவர் திரும்பிவிடுவாரே என்று கடைக்காரர் முனகுவார். சிலர் திரும்புவார்கள்தான். கோவாவின் 'போர்ட்' பாணி இனிப்பு ஒயினைத் தேடி வந்தவர்கள் அவர்கள்; அந்தப் புட்டி பக்கத்துத் தட்டிலேயே இருக்கும், அதற்கும் ஒரு அட்டை எழுதினால் அவர்களும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். கடைக்காரருக்கு உண்மையில் சிரமம் தருவது கடைசி வரிதான். சரக்கு மாறும்போதெல்லாம் அந்தக் கோட்டை அழித்து ஆண்டைப் புதிதாக எழுத வேண்டும். பழைய ஆண்டுப் புட்டிகள் தேங்கி நிற்பதும் அதில் வெட்டவெளிச்சமாகிவிடும்.