மாதாமாதம் வாங்கும் பங்கில் ரைட்ஸ் அறிவிப்பு வந்தால்...



வட்டியில்லாத முதலீடு தேடும் நம் குடும்பங்களில் பலர், ஹலால் பட்டியலில் உள்ள ஓரிரண்டு நிறுவனங்களைத் தேர்ந்து, மாதத்தில் ஒரு தேதி குறித்து, சிறு தொகைக்குப் பங்கு வாங்கி வருகிறார்கள். பெரும்பாலும் தரகரின் செயலியில் அதைத் தானாக நடக்கும்படி போட்டுவிடுவார்கள். அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது "ரைட்ஸ் இஷ்யூ" என்றோ "இணைப்பு" என்றோ ஒரு மின்னஞ்சல் வரும். படிக்காமல் விட்டால் பணம் போகலாம். அவசரப்பட்டால் நம் நிய்யத்துக்கு ஒவ்வாத ஒன்றில் போய் நிற்கலாம்.

ரைட்ஸ் என்பது, நிறுவனம் தனக்குப் பணம் தேவைப்படும்போது, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களிடம் சந்தை விலையைவிடப் பொதுவாகக் குறைந்த விலையில் புதிய பங்கு வாங்கிக்கொள்ளும்படி கேட்பது. இந்தியாவில் பலரும் அறிந்த உதாரணம் 2020இல் ரிலையன்ஸ் நிறுவனம் செய்த வெளியீடு. அந்தப் பங்கு உங்கள் ஹலால் பட்டியலில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. கணக்கை விளங்கிக்கொள்ள மட்டும் அதை எடுத்துக்கொள்வோம்.

15 பங்குக்கு 1 புதிய பங்கு, விலை 1,257 ரூபாய் என்று அறிவித்தார்கள். கணக்கு நாள், அதாவது யார் பெயரில் எத்தனை பங்கு இருக்கிறது என்று பார்க்கும் நாள், 2020 மே 14. விண்ணப்பிக்கும் காலம் மே 20 முதல் ஜூன் 3 வரை.

ஒருவர் மாதம் 2 பங்கு வாங்கி வந்து, கணக்கு நாளில் 46 பங்கு வைத்திருந்தார் என்று கொள்வோம். 46ஐ 15ஆல் வகுத்தால் அவருக்குக் கிடைப்பது 3 உரிமை. மீதி 1 பங்குக்கு எதுவும் இல்லை. இங்கேதான் மாதாந்திர வாங்கல் குறுக்கே வருகிறது. கணக்கு நாளுக்குள் டீமேட் கணக்குக்கு வந்து சேர்ந்த பங்குகளுக்கு மட்டுமே உரிமை உண்டு. இப்போது ஒரு வேலை நாளில் பங்கு வந்துவிடுவதால், கணக்கு நாளுக்கு முந்தைய வர்த்தக நாளுக்குள்ளாவது வாங்கியிருக்க வேண்டும். கணக்கு நாள் 14 என்றிருக்க, உங்கள் வாங்கல் தேதி 15 என்றால், அந்த மாதப் பங்குக்கு உரிமை கிடையாது. அதற்காக வருந்த வேண்டியதும் இல்லை. உரிமை பிரிந்த அளவுக்கு அன்றைக்கு விலையும் குறைந்தே தொடங்கும். 1,450 ரூபாய் விலையில் இருக்கும் பங்குக்கு மேற்சொன்ன விகிதத்தில் கணக்குப் போட்டால், அது சுமார் 12 ரூபாய் மட்டுமே. இதை "விலை சரிந்துவிட்டது" என்று நினைத்துக் கூடுதலாக வாங்கவும் வேண்டாம், பயந்து விற்கவும் வேண்டாம்.

அடுத்து, டீமேட் கணக்கில் புதிதாக ஒரு வரி தோன்றும். ரிலையன்ஸுக்கு அது RELIANCE-RE என்று வந்தது. பலர் இதைப் பார்த்து "ரைட்ஸ் பங்கு வந்துவிட்டது" என்று இருந்துவிடுவார்கள். அது பங்கு அல்ல, விண்ணப்பிக்கும் உரிமை மட்டுமே. மாதாந்திர வாங்கல் தானாக ஓடினாலும் ரைட்ஸுக்கு அது விண்ணப்பிக்காது. உங்கள் வங்கியின் அஸ்பா வசதி வழியாக நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாளுக்குள் விண்ணப்பிக்காமலும் விற்காமலும் விட்டால் அந்த உரிமை காலாவதியாகி, ஒரு பைசாவும் கிடைக்காது.

அந்த உரிமையைச் சந்தையில் விற்கவும் முடியும். ரிலையன்ஸ் உரிமை 150 ரூபாய்க்கு மேல் விலை போனது. ஆனால் விற்கும் காலம், விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும். ரிலையன்ஸில் மே 29 அன்றே முடிந்தது. பொருளை விற்காமல் வெறும் உரிமையை மட்டும் விற்கலாமா என்பதில் ஃபிக்ஹ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே விற்க எண்ணுபவர்கள் முதலில் தாங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பணத்தைப் பார்ப்போம். ரிலையன்ஸ் முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கேட்கவில்லை. விண்ணப்பிக்கும்போது 314.25 ரூபாய், 2021 மே மாதம் 314.25 ரூபாய், 2021 நவம்பரில் 628.50 ரூபாய். நம் 3 உரிமைக்காரர் முதலில் கட்டியது 942.75 ரூபாய்தான். ஆனால் அவர் ஏற்றுக்கொண்டது மொத்தம் 3,771 ரூபாய். தவணை கட்டாவிட்டால் கட்டிய பணமும் பங்கும் பறிபோகலாம். ஆகவே முதல் தவணையை மட்டும் பார்த்து விண்ணப்பிக்கக் கூடாது. எளிய வழி, அந்த மாதங்களில் வழக்கமான வாங்கலை நிறுத்திவைத்து, அதே பணத்தை ரைட்ஸுக்குத் திருப்புவது. இதற்காகக் கடன் வாங்குவதோ, நகையை வட்டிக்கு வைப்பதோ ஹலால் முதலீட்டின் நோக்கத்தையே கெடுத்துவிடும். சந்தை விலை ரைட்ஸ் விலைக்குக் கீழே இறங்கிவிட்டால் விண்ணப்பிக்கவே வேண்டாம். வழக்கம்போல் சந்தையில் வாங்குவதே மலிவு.

விண்ணப்பிக்கும் முன் வெளியீட்டு ஆவணத்தில், திரட்டும் பணம் எதற்கு என்ற பகுதியைப் படியுங்கள். ரிலையன்ஸ் அந்தப் பணத்தின் பெரும்பகுதியைக் கடனை அடைக்க ஒதுக்கியது. வட்டிக் கடன் குறைவது ஹலால் அளவுகோலில் நல்ல திசை. அதே பணம் நிதித் தொழிலில் இறங்குவதற்கு என்றால், அந்தப் பங்கை மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களும், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ரைட்ஸ் ஆவணங்களை இந்திய முகவரி கொடுத்தவர்களுக்கு மட்டும் அனுப்புவதே நிறுவனங்களின் வழக்கம். டீமேட் கணக்கில் முகவரியும் மின்னஞ்சலும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

இணைப்பு அறிவிப்பு வேறு வகை. இதில் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை, பங்கு தானாக மாறும். ஹார்லிக்ஸ் தயாரித்த ஜிஎஸ்கே கன்ஸ்யூமர் நிறுவனம் இந்துஸ்தான் யூனிலீவருடன் சேர்வதாக 2018 டிசம்பரில் அறிவித்து, 2020 ஏப்ரல் 1 அன்று சேர்ந்தது. ஒரு பங்குக்கு 4.39 பங்கு என்பது விகிதம். 10 பங்கு வைத்திருந்தவருக்கு 43 பங்கு வந்தது. மீதிப் பின்னத்துக்குப் பணமாகக் கொடுப்பார்கள். அறிவிப்புக்கும் இணைப்புக்கும் நடுவே ஓராண்டுக்கு மேல் ஓடியதைக் கவனியுங்கள். அறிவித்த அன்றே எதையும் செய்ய வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் பழைய பங்கின் வர்த்தகம் நிற்கும் முன் தானியங்கி வாங்கலை நிறுத்திவிடுங்கள். பழைய பங்கை வாங்கிய விலையையும் தேதியையும் குறித்துவையுங்கள். வருமான வரிக் கணக்கில் புதிய பங்குகளுக்கும் அவையே தொடரும்.

இணைப்பில் நமக்கு முக்கியமான கேள்வி, சேர்ந்த பின் உருவாகும் நிறுவனம் ஹலாலா என்பது. நீங்கள் வாங்கியது ஒரு நிறுவனம், கையில் வருவது வேறொன்று. புதிய நிறுவனத்தின் தொழிலையும் வட்டிக் கடனையும் பார்த்து, பட்டியலில் நிற்குமானால் அதன் பெயரில் வாங்கலை மறுபடி தொடங்கலாம். நிற்காது என்று தெரிந்தால், மாற்றம் நடக்கும் முன்பே விற்று வெளியேறப் போதிய அவகாசம் இருக்கும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.