எல்லா போனிலும் திறக்குமா?

பேருந்து டிக்கெட் விற்கும் ஒரு இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். கட்டண விவரத்திலிருந்து ரூபாய்க் குறிக்குப் பின்னால் வரும் எண்ணை மட்டும் பிரித்தெடுக்க, நிரல் எழுதுபவர் இப்படி ஒரு வரி எழுதுகிறார்:

```
const m = text.match(/(?<=₹)\d+/);
```

₹ குறியை அடுத்து நிற்கும் இலக்கங்களை எடு என்பது இதன் பொருள். அவருடைய மடிக்கணினியில், குரோம் பிரவுசரில் இது சரியாக ஓடுகிறது. ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது. ஐபோன் 7 வைத்திருக்கும் பயணிக்கு மட்டும் வெறும் வெள்ளைத் திரை வருகிறது. கட்டணம் மட்டும் காணாமல் போயிருந்தால் பரவாயில்லை. தேடும் பெட்டியும் இல்லை, இருக்கை வரைபடமும் இல்லை.

சிக்கல் `(?<=` என்ற குறியில் இருக்கிறது. சஃபாரி இதைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது 2023 மார்ச்சில் வந்த 16.4 பதிப்பில்தான். அதற்கு முந்தைய சஃபாரி, நிரலை ஓட்டுவதற்கு முன் வாசிக்கும்போதே இதை இலக்கணப் பிழை என்று முடிவுகட்டி, அந்த வரி இருக்கும் கோப்பையே ஒதுக்கிவிடும். பக்கத்தை வரைவதே அந்தக் கோப்பின் வேலை என்றால், வரைய யாரும் இல்லை. பிழை வந்தால் சமாளிக்கட்டும் என்று `try` போட்டு வைத்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் ஓட்டம் தொடங்கவே இல்லை. அந்த ஐபோனை ஒரு மேக் கணினியோடு இணைத்து கன்சோலைத் திறந்தால் இந்த வரி தெரியும்:

```
SyntaxError: Invalid regular expression: invalid group specifier name
```

பரிகாரம் எளிது. `/₹(\d+)/` என்று எழுதி, அடைப்புக்குள் சிக்கிய பகுதியை `m[1]` என்று எடுத்துக்கொண்டால் பழைய சஃபாரிக்கும் புரியும். கடினமானது, இப்படி ஒரு கோளாறு இருப்பதை வெளியிடும் முன்பே கண்டுபிடிப்பதுதான்.

பயணியிடம் “சஃபாரி வேண்டாம், குரோமில் திறந்து பாருங்கள்” என்று சொல்வதிலும் பலன் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களைத் தவிர, ஐபோனில் எந்தப் பெயரில் பிரவுசர் வந்தாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். அந்த வெப்கிட் ஐஓஎஸ்ஸோடு சேர்ந்தேதான் புதுப்பிக்கப்படும். ஐபோன் 7-க்கு ஐஓஎஸ் 15-தான் கடைசி, அதனால் 16.4 அந்தப் போனுக்கு வரவே வராது. ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு. அங்கே குரோம் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே வருவதால், ஓஎஸ் பழசாகிப்போன பிறகும் சில ஆண்டுகளுக்குப் புதுப் பதிப்புகள் கிடைக்கும். அதற்கும் எல்லை உண்டு: ஆண்ட்ராய்டு 7-க்குக் குரோம் 119 கடைசி, விண்டோஸ் 7-க்குக் குரோம் 109 கடைசி.

இதனால்தான் எதைச் சோதிப்பது என்று தீர்மானிக்கும்போது பிரவுசரின் பெயரைவிட உள்ளிருக்கும் எஞ்சினைப் பார்க்க வேண்டும். ஐபோனுக்கு வெளியே, குரோம், எட்ஜ், ஓப்பரா, சாம்சங் இன்டர்நெட் ஆகிய எல்லாமே பிளிங்க் எஞ்சினில் ஓடுபவை. சஃபாரியில் வெப்கிட், ஃபயர்பாக்ஸில் கெக்கோ. பெயர்கள் பல, எஞ்சின்கள் மூன்று.

இந்தச் சுருக்கம் ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. நான்கு பிரவுசர், ஒவ்வொன்றிலும் மூன்று பதிப்பு, ஐந்து ஓஎஸ் பதிப்பு, ஆறு திரை அளவு என்று பெருக்கினால் 360 சேர்க்கைகள். ஒவ்வொன்றிலும் பத்து வேலைகளை, வேலைக்குப் பத்து நிமிடம் வீதம் சோதித்தால் 600 மணி நேரம் ஆகும். எந்தக் குழுவிடமும் அந்த நேரம் கிடையாது. யாஹூ நிறுவனம் 2006-லேயே பிரவுசர்களை ஏ, சி, எக்ஸ் என்று தரம் பிரித்தது. ஏ தரத்துக்கு முழுச் சோதனை, சி தரத்துக்கு அடிப்படை உள்ளடக்கம் மட்டும், எக்ஸ் தரத்துக்குத் தனிச் சோதனை இல்லை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டியதில்லை, எல்லோருக்கும் வேலை நடந்தால் போதும் என்பதே அதன் அடிப்படை. இன்றைக்கும் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் கருத்து.

நம் டிக்கெட் தளத்துக்கு ஒரு முன்னுரிமை அட்டவணை போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று கேள்விகள்: எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள், வேலை கெட்டால் இழப்பு எவ்வளவு, நாம் நிரல் எழுதும் பிரவுசரிலிருந்து இந்த எஞ்சினும் பதிப்பும் எவ்வளவு விலகியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் கொடுத்துப் பெருக்க வேண்டும்.

பணம் செலுத்தும் பக்கத்துக்கு இழப்பு மூன்று. ஆண்ட்ராய்டு குரோமில் ஆட்கள் அதிகம், விலகல் குறைவு: 3 × 3 × 1, ஒன்பது. புதிய ஐபோன் சஃபாரிக்கு 2 × 3 × 2, பன்னிரண்டு. ஐஓஎஸ் 15-ல் நிற்கும் ஐபோனில் ஆட்கள் குறைவு, ஆனால் விலகல் மிக அதிகம்: 1 × 3 × 3, அதுவும் ஒன்பது. மடிக்கணினி எட்ஜுக்கு 1 × 3 × 1, மூன்றுதான். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தை ஃபயர்பாக்ஸில் பார்ப்பதற்கு 1 × 1 × 2, இரண்டு. ஒன்பதும் அதற்கு மேலும் வந்தவற்றை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் நிஜப் போனில் கையால் சோதிக்கலாம். நான்கு முதல் எட்டு வரை தானியங்கிச் சோதனைக்கு விடலாம். மீதியைப் புகார் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டிருந்தால் ஐபோன் 7 அடிமட்டத்தில் கிடந்திருக்கும்.

திரை அளவுக்கு இத்தனை வரிசைகள் வேண்டாம். வடிவமைப்பு 768 பிக்சலில் மாறுகிறது என்றால் 767-லும் 768-லும் பார்க்க வேண்டும், உடைவது அந்த விளிம்பில்தான். கீழே 360-உம் 320-உம் போதும். தமிழ்ப் பக்கங்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. `Continue` அடங்கும் பொத்தானில் ‘தொடர்ந்து செல்லவும்’ இரண்டு வரியாகிவிடும். போன் செட்டிங்கில் எழுத்து அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு மூன்றாவது வரி பொத்தானுக்கு வெளியே நிற்கும்.

குரோமின் டெவலப்பர் கருவியில் ‘ஐபோன்’ என்று தேர்ந்தெடுத்துப் பார்ப்பதை ஐபோன் சோதனையாக எண்ணிவிடக் கூடாது. அது திரையின் அகலம், தொடுதல் போன்றவற்றைத்தான் ஐபோன்போல் மாற்றும், உள்ளே ஓடுவது பிளிங்க்தான். நம் `(?<=` அங்கே எந்தச் சலனமும் இல்லாமல் தேறிவிடும். பிளேரைட் என்ற கருவி வெப்கிட்டையே விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டிக்காட்டும். ஆனால் அதுவும் புதிய வெப்கிட், ஐஓஎஸ் 15-ன் வெப்கிட் அல்ல. விசைப்பலகை எழும்பும்போது பொத்தான் மறைகிறதா, முகவரிப் பட்டை சுருங்கும்போது பக்கத்தின் உயரம் தாவுகிறதா என்பதெல்லாம் கையில் போனைப் பிடித்தால்தான் தெரியும்.

அட்டவணையின் முதல் கேள்விக்கு எங்கிருந்து விடை எடுக்கிறோம் என்பதிலும் ஒரு பொறி உண்டு. வருகையாளரை எண்ணும் நிரல் பெரும்பாலும் தளத்தின் மற்ற நிரலோடு ஒரே கோப்பில் கட்டப்பட்டிருக்கும். அந்தக் கோப்பே ஓடாத போனிலிருந்து வந்தவர் கணக்கில் விழமாட்டார். அறிக்கையில் ‘ஐஓஎஸ் 15: பூஜ்யம்’ என்று வரும், குழுவும் அந்த வரிசையை நீக்கிவிடும். சர்வர் லாக் அப்படி ஏமாற்றாது, பக்கத்தைக் கேட்ட ஒவ்வொரு பிரவுசரும் தன் பெயரோடு அங்கே பதிந்திருக்கும். நீங்கள் ஒரு தளத்தைப் பராமரிப்பவர் என்றால், அட்டவணை போடும் முன் கடந்த மாத லாகை எடுத்து, வருகை அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லாகில் இருந்து அறிக்கையில் இல்லாத பிரவுசர் பதிப்பு எதுவோ, அதில்தான் சோதனையைத் தொடங்க வேண்டும்.