திருமணத்துக்குப் போக முடியவில்லையா? அரபியில் நான்கு வரி

வளைகுடா நாட்டில் வேலை செய்பவருக்கு அரபு மேலாளரிடமிருந்து ஒரு திருமண அழைப்பு வருகிறது. அவருடைய மகனுக்குத் திருமணம். அந்தத் தேதியில் இவர் ஊருக்கு விடுப்பில் போகிறார். என்ன பதில் எழுதுவது?

'வலீமா' என்னும் திருமண விருந்துக்கு அழைத்தால் தக்க காரணமின்றித் தவிர்க்கக் கூடாது என்பது இஸ்லாமிய அறிஞர்கள் பலரின் கருத்து. அதனால் வாழ்த்து மட்டும் அனுப்பினால் பதில் முழுமையாகாது. காரணத்தையும் சொல்ல வேண்டும். நீண்ட விளக்கம் தேவையில்லை. பயணம், நோய் என்று ஒரு சொல் போதும்.

மேலாளருக்கு இப்படி எழுதலாம்:

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.
அஷ்குருகும் அலா தஃவதிகுமுல் கரீமா.
அஃததிரு அன் அதமில் ஹுளூர் லிஸஃபரீ.
பாரகல்லாஹு லஹுமா, வபாரக அலைஹிமா, வஜமஅ பைனஹுமா ஃபீ கைர்.

முதல் வரி ஸலாம். இரண்டாவது, அன்பான அழைப்புக்கு நன்றி. மூன்றாவது, பயணத்தில் இருப்பதால் வர இயலாததற்கு வருத்தம். நான்காவது வாழ்த்து: அல்லாஹ் அவர்கள் இருவருக்கும் பரக்கத் செய்வானாக, அவர்கள்மீது அருள் பொழிவானாக, நன்மையில் இருவரையும் ஒன்றுசேர்ப்பானாக. நபிகள் நாயகம் மணமக்களுக்குச் செய்த பிரார்த்தனையாக ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருப்பது இது. தமிழ் முஸ்லிம்களின் நிக்காஹ் மேடைகளிலும் இதைக் கேட்கலாம்.

பலர் தவறுவது இந்த நான்காவது வரியில்தான். அரபு அழைப்பிதழ்கள் பெரும்பாலும் தந்தையரின் பெயரில் வருபவை. தந்தைக்கு எழுதும்போது மணமக்கள் 'அவர்கள்' ஆகிறார்கள். ஆகவே லஹுமா, அலைஹிமா, பைனஹுமா. மணமக்களுக்கே எழுதினால் 'நீங்கள் இருவரும்' என்று பொருள்படும் லகுமா, அலைகுமா, பைனகுமா என்று மாற்ற வேண்டும். எங்கிருந்தோ பிரதி எடுத்த 'லகுமா' வாழ்த்தைத் தந்தைக்கு அனுப்பினால், வாழ்த்து மணமக்களைச் சேராது. படிப்பவரை நோக்கியே திரும்பிவிடும்.

'பிர்ரிஃபாஇ வல்பனீன்' என்றொரு பழைய வாழ்த்தும் அரபு நாடுகளில் புழங்குகிறது. இணக்கமும் ஆண்மக்களும் வாய்க்கட்டும் என்பது பொருள். இஸ்லாத்துக்கு முந்தைய இந்த வழக்கத்தை நபித்தோழர் அகீல் தம் திருமணத்தின்போதே ஏற்கவில்லை என்று ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. மார்க்கப் பற்றுள்ள குடும்பங்களுக்கு இதை எழுதாமல் இருப்பது நல்லது. அழைத்தவர் அரபுக் கிறிஸ்தவராகவோ நெருங்கிய நண்பராகவோ இருந்தால், மூன்றாவது வரிக்குப் பிறகு 'அல்ஃப் மப்ரூக்', அதாவது ஆயிரம் வாழ்த்துகள், என்று முடித்தாலே போதும்.

போக முடியாது என்று தெரிந்த பிறகு, 'இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்' என்று மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் விருந்து சமைப்பார்கள். வர இயலாததை முன்கூட்டியே, தெளிவாகச் சொல்லி வாழ்த்துங்கள்.