டெஸ்ட் ரைடு மேளா: நோட்டீஸில் இருப்பதும் இல்லாததும்

"மாபெரும் டெஸ்ட் ரைடு மேளா! 12, 13, 14 தேதிகளில், காலை 9 முதல் இரவு 8 வரை. ஒரிஜினல் டிரைவிங் லைசென்ஸுடன் வாருங்கள், ஓட்டிப் பாருங்கள். உங்கள் பழைய வண்டிக்கு அதிகபட்ச விலை. ரூ.7,000 வரை எக்ஸ்சேஞ்ச் போனஸ்*. ஸ்பாட் புக்கிங்குக்கு நிச்சயப் பரிசு. *நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

பெரும்பாலான டூவீலர் ஷோரூம்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் பேப்பருக்குள் வைத்து வரும் நோட்டீஸும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தேதி, ஆவணம், எக்ஸ்சேஞ்ச் ஆகிய மூன்று விஷயங்களிலும் வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பாதி நோட்டீஸுக்கு வெளியே இருக்கிறது.

முதலில் தேதி. ஓட்டிப் பார்ப்பதற்கு மூன்று நாள் என்பது சரி. சலுகைக்கும் அதே மூன்று நாள்தானா? அப்படியென்றால், அந்த நாட்களுக்குள் புக்கிங் பணம் கட்டினால் போதுமா, அல்லது பில் போட்டிருக்க வேண்டுமா? பல சலுகைத் திட்டங்களில் கணக்கில் எடுப்பது பில் தேதியைத்தான். கையில் முழுப் பணம் வைத்திருப்பவருக்கு இது பிரச்சினை இல்லை. ஃபைனான்ஸில் வாங்குகிறவருக்கு லோன் அப்ரூவல் நான்கு நாள் தள்ளிப்போனாலும், கேட்ட நிறம் ஸ்டாக்கில் இல்லாமல் அடுத்த மாதம் வந்தாலும் சலுகை கைவிட்டுப் போகும். ஆகவே புக்கிங் ரசீதிலேயே மாடல், நிறம், ஒப்புக்கொண்ட கடைசி விலை, டெலிவரி தேதி, தாமதமானால் சலுகை நிற்குமா, புக்கிங் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுதி வாங்கிவிட வேண்டும். "பார்த்துக்கலாம் சார்" என்று வாயால் சொன்னதை மாதம் மாறிய பிறகு யாரிடமும் காட்ட முடியாது.

அடுத்தது ஆவணம். நோட்டீஸில் 'லைசென்ஸ்' என்று ஒரே வார்த்தையாக இருந்தாலும், உங்கள் லைசென்ஸில் எந்த வகை வண்டி எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்த லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் பைக்கை ஓட்டிப் பார்க்க முடியாது. சட்டமும் இடம் தராது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும். எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலான ஷோரூம்கள் சாவியைத் தருவதில்லை. கார்டு வீட்டில் இருந்தால் டிஜிலாக்கரில் உள்ள லைசென்ஸைக் காட்டலாம்; அது சட்டப்படி செல்லும். வெறும் போட்டோவும் ஜெராக்ஸும் அப்படி இல்லை. ஹெல்மெட்டையும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. பத்துப் பேர் போட்டுக் கழற்றியதை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஓட்டுவதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். வண்டிக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பது அதில்தான் இருக்கும். இன்சூரன்ஸ் போக மீதியை ஓட்டியவர் தர வேண்டும் என்று இருக்கலாம். மொத்தச் செலவும் ஓட்டியவருடையது என்றும் இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல, படித்துவிட்டுப் போடுங்கள். லைசென்ஸ் ஜெராக்ஸ் கொடுத்தால் அதன் மேலேயே 'டெஸ்ட் ரைடுக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். டீலரின் டிரேட் சர்டிஃபிகேட்டில் ஓடும் டெமோ வண்டி என்றால் நம்பர் பிளேட் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இருக்க வேண்டும். நம்பரே இல்லாத வண்டியை ரோட்டில் எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஓட்டும்போது வேகத்தைப் பார்ப்பதைவிட நீங்கள் தினமும் செய்வதைச் செய்து பார்ப்பது பயன்படும். பின்னால் உட்காரப்போகிறவரை ஏற்றிக்கொண்டு ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குங்கள். குறுகிய தெருவில் திருப்புங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுங்கள். டிக்கியில் உங்கள் ஹெல்மெட் அடங்குகிறதா என்று பாருங்கள். இது பத்து நிமிட வேலை.

இனி மேளாவின் உண்மையான வியாபாரத்துக்கு வருவோம். அது எக்ஸ்சேஞ்ச்.

எக்ஸ்சேஞ்சில் இரண்டு தொகைகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் பழைய வண்டிக்கு ஷோரூம் மதிப்பிடும் விலை. மற்றொன்று, கம்பெனியோ டீலரோ அதற்கு மேல் தரும் போனஸ். நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பது போனஸ் மட்டுமே. அதிலும் 'வரை' என்ற சொல் ஒட்டியிருக்கும். அதிகபட்சத் தொகை ஒருசில மாடல்களுக்கு மட்டும் இருக்கலாம். பழைய வண்டி வாங்குகிறவர் பெயரிலோ குடும்பத்தில் ஒருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனை. வண்டியை மதிப்பிட வருகிறவர் பல இடங்களில் ஷோரூம் ஊழியராக இருக்க மாட்டார். ஷோரூமோடு தொடர்பு வைத்திருக்கும் பழைய வண்டி வியாபாரியாக இருப்பார். அவர் அதை வேறொருவருக்கு விற்று லாபம் பார்க்க வேண்டும். போனஸ் ஏறும் இடத்தில் மதிப்பு இறங்க வாய்ப்பு இருப்பது இதனால்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புது ஸ்கூட்டரின் ஆன்ரோடு விலை ரூ.1,08,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எட்டு வருட வண்டியைச் சுற்றிப் பார்த்தவர் 16,000 போடுகிறார்.

"என்னண்ணே, வெளியில இருபதுக்கு மேல கேக்குறாங்களே?"

"சார், அஞ்சாயிரம் போனஸ் இருக்குல்ல? மொத்தம் இருபத்தொண்ணு வருது பாருங்க."

உங்கள் மாடலுக்கு 7,000 கிடையாது, 5,000தான் என்பது இந்த இடத்தில்தான் தெரியவரும். சரி, கழித்துக்கொண்டு நீங்கள் கட்ட வேண்டியது 87,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது இன்னொரு கேள்வி கேளுங்கள்: "பழைய வண்டியைக் கொடுக்காம வாங்கினா கடைசி விலை என்ன?" ரொக்கத் தள்ளுபடி 3,000 போக 1,05,000 என்று பதில் வருகிறது. எக்ஸ்சேஞ்ச் எடுத்தால் அந்தத் தள்ளுபடி கிடையாது. ஆக 1,05,000-இல் 87,000 போக மீதி 18,000. உங்கள் பழைய வண்டிக்கு ஷோரூம் உண்மையில் தரும் விலை அதுதான். பதினாறும் அல்ல, இருபத்தொன்றும் அல்ல.

இந்த ஒரு எண் கையில் இருந்தால் முடிவெடுப்பது சுலபம். உங்கள் மெக்கானிக் மூலமாக வெளியில் 22,000 கிடைக்கும் என்றால் தனியாக விற்பது லாபம். 19,000-தான் கிடைக்கும் என்றால் ஆயிரம் ரூபாய்க்காக அலைய வேண்டாம், ஷோரூமிலேயே கொடுத்துவிடலாம். எந்த மேளாவுக்குப் போனாலும் கொடுத்து வாங்கினால் எவ்வளவு, கொடுக்காமல் வாங்கினால் எவ்வளவு என்ற இரண்டு கோட்டேஷன்களையும் ஒரே ஆளிடம், ஒரே மாடலுக்கு, எழுத்தில் வாங்குங்கள். இலவச ஹெல்மெட், சீட் கவர் போன்றவற்றைக் கணக்கிலிருந்து தள்ளிவைத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

விலை படிந்தாலும் பேப்பர் சரியாக இல்லாவிட்டால் எக்ஸ்சேஞ்ச் நின்றுபோகும். ஒரிஜினல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், அடையாளச் சான்று, இரண்டு சாவிகள் ஆகியவை வேண்டும். லோனில் வாங்கிய வண்டி என்றால், கடன் அடைந்தாலும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருக்கும். அதை நீக்க ஃபார்ம் 35-உம் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் தேவை. போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதை echallan.parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். இறந்துபோன அப்பாவின் பெயரில் உள்ள வண்டியை நேராக எக்ஸ்சேஞ்சில் கொடுக்க முடியாது. வாரிசு ஃபார்ம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றிய பிறகே கொடுக்கலாம். இந்த வேலைகளை மேளா நடக்கும் மூன்று நாளுக்குள் முடிக்க இயலாது. எக்ஸ்சேஞ்ச் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

வண்டியைக் கொடுத்தபின் பெரும்பாலோர் மறந்துவிடுவது பெயர் மாற்றம். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். வாங்கப்போகிறவர் இன்னார் என்று தெரியாததால் அந்த இடத்தைக் காலியாக விடுவார்கள். வண்டி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும், ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும். இதனால் வரும் அபராத எஸ்.எம்.எஸ்.ஸாவது சின்னத் தொல்லை. 2007-இல் ஒருவர் தன் காரை விற்றார். அது கைமாறிக் கைமாறிப் போனது. யாரும் பெயர் மாற்றவில்லை. 2009-இல் அந்தக் கார் விபத்தில் சிக்கியது, இன்சூரன்ஸும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு. வண்டி கையில் இல்லாத ஒருவர்தான் பணம் கட்ட வேண்டியதானது.

இதற்கு ஒரு வழி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்க ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, ஃபார்ம் 29சி மூலம் அதை ஆன்லைனில் பதிவுசெய்ய வேண்டும். பதிவானதும், அடுத்தவர் பெயருக்கு மாறும் வரை அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆகவே ஷோரூமில் கேளுங்கள்: "29சி போடுவீங்களா?" போடுவோம் என்றால் அதன் ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லை என்றால், வண்டியை எடுத்துக்கொண்டவர் பெயர், தேதி, நேரம், கிலோமீட்டர் ரீடிங் ஆகியவற்றோடு ஷோரூம் சீல் வைத்த டெலிவரி நோட் வாங்குங்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

விற்கிற வண்டியோடு போகாத ஒன்றும் உண்டு. கிளெய்ம் எடுக்காமல் ஓட்டிய வருடங்களுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமானதல்ல, உங்களுக்குச் சொந்தமானது. தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லையென்றால், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிக் கொடுத்தால் புது வண்டியின் பாலிசியிலேயே கழிப்பார்கள். மூன்று வருடம் வரை அந்தக் கடிதம் செல்லும். டூவீலரில் இது பெரிய தொகையாக இருக்காது. ஆனால் ஷோரூம் போடும் கோட்டேஷனில் இது தானாக வராது, கேட்டால்தான் வரும்.

இரண்டு கோட்டேஷன், விலையும் டெலிவரி தேதியும் எழுதிய புக்கிங் ரசீது, பழைய வண்டியை ஒப்படைத்ததற்கான ஒப்புகை. மேளாவிலிருந்து வீட்டுக்கு வரும்போது கையில் இருக்க வேண்டியவை இவைதான். இவற்றில் எதைத் தரத் தயங்குகிறார்களோ, அந்த விஷயத்தில் இன்னும் பேரம் முடியவில்லை என்று அர்த்தம். அதற்குள் பழைய வண்டியின் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.