நால்வர் பயணம்: யார் யாருக்கு எவ்வளவு?

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வழியாக எல்லை கடந்து, பாறசாலை மகாதேவர் ஆலயத்தையும் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி ஆலயத்தையும் தரிசித்துத் திரும்பும் நான்கு நண்பர்களின் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ரசீது கைக்கு வந்தவுடன் அதைப் படம் எடுத்துவிடுதல் நலம். வெப்பத்தில் அச்சாகும் தாளின் எழுத்து விரைவில் மங்கிவிடும். வரி சேர்ந்த இறுதித் தொகை படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பணம் கொடுத்தவர் யார், அச்செலவில் பங்குடையோர் யாவர் என்பதை ரசீது கூறாது. அதனை நாமே படத்துடன் குறித்துவைக்க வேண்டும்.

முதலாமவர் கார் வாடகை ரூ.2,400 கொடுத்தார். அது நால்வருக்கும் பொது, பங்கு ரூ.600. இரண்டாமவர் மதிய உணவுக்கு ரூ.1,050 கொடுத்தார். நான்காமவர் விரதமிருந்ததால் அது மூவருக்கே உரியது, பங்கு ரூ.350. எனவே முதல் மூவரின் பங்கு தலா ரூ.950, நான்காமவரின் பங்கு ரூ.600. மொத்தத்தை நான்கால் வகுத்திருந்தால், உண்ணாதவர் ரூ.862.50 கொடுக்க நேர்ந்திருக்கும்.

கொடுத்த தொகையிலிருந்து பங்கைக் கழித்தால் நிகரம் கிடைக்கும். முதலாமவர் பெறவேண்டியது ரூ.1,450, இரண்டாமவர் பெறவேண்டியது ரூ.100. மூன்றாமவர் தரவேண்டியது ரூ.950, நான்காமவர் தரவேண்டியது ரூ.600. மூன்றாமவர் ரூ.950 முழுவதையும் முதலாமவருக்கும், நான்காமவர் ரூ.500 முதலாமவருக்கும் ரூ.100 இரண்டாமவருக்கும் அனுப்பினால் கணக்கு தீரும்.

பெறுவதும் தருவதும் ரூ.1,550 எனச் சமமாக இருப்பதைக் கவனிக்கவும். சமமாகாவிடில் கூட்டலில் பிழை உண்டு. ஆனால் உணவக ரசீதும், அதற்கே அட்டை இயந்திரம் தரும் சீட்டும் தனித்தனிச் செலவாகப் பதிவானால், கணக்கு சமமாகவே தோன்றும். ஆதலால் ஒரே நாளில் ஒரே தொகை இருமுறை வந்துள்ளதா என்று படங்களை ஒப்பிட்ட பின்னரே பணம் அனுப்புவோம்.