கட்டில் வர்றதுக்கு முன்னாடி பிளக் பாயிண்ட் எங்கே?

சேலையூர்ல நண்பர் ஒருத்தர் புது வீட்டுக்குப் போனவுடனே கட்டிலைச் சுத்தி ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தது. புது வீட்டுல ஏன் இதுன்னு கேட்டேன். எலக்ட்ரீஷியன் கட்டில் பாயிண்ட்டை வடக்குச் சுவத்துல வச்சுட்டார். குடி வந்த அன்னைக்கு அவங்க அம்மா, "வடக்கே தலை வச்சுப் படுக்கக் கூடாது"ன்னுட்டாங்க. கட்டில் கிழக்குச் சுவத்துக்குப் போச்சு, சுவிட்ச் எல்லாம் பக்கவாட்டுல தூரமா நின்னுடுச்சு.

ஆக, முதல் கேள்வி வயரிங் பத்தினது இல்லை. தலைமாடு எந்தச் சுவர்? அதை வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டு முடிவு பண்ணணும். பூச்சு வேலைக்கு முன்னாடி சுவரை வெட்டி பைப்பும் பெட்டியும் வைக்கிற அந்த சில நாள்தான் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு.

கணக்கை ஒரு அறைக்குப் போட்டுப் பார்ப்போம். கிழக்குச் சுவர் 10 அடி, அதாவது 120 அங்குலம். 5 அடி மெத்தை போடுற கட்டிலுக்குச் சட்டத்தோட சேர்த்து 64 அங்குலம் வச்சுக்கலாம். நடுவுல போட்டா ரெண்டு பக்கமும் 28 அங்குலம் மிஞ்சும். சுவரோட நடுக்கோட்டுலேர்ந்து 32 அங்குலத்துல கட்டில் முடியுது. சுவிட்ச் பெட்டி 9 அங்குல அகலம்னா, அதோட நடு 38 அங்குலத்துல வரணும். அப்போ கட்டில் ஓரத்துக்கும் பெட்டிக்கும் ஒன்றரை அங்குலம் இடைவெளி கிடைக்கும். தலைமாட்டுப் பலகை மறைக்காது, படுத்துக்கிட்டே கை எட்டும்.

உயரத்துக்குப் பக்கத்து மேசைதான் அளவு. மேசை 22 அங்குலம்னா பெட்டியோட அடி 26-ல இருக்கட்டும். வழக்கமா வைக்கிற ஒரு அடி உயரத்துல வச்சா மேசை மறைச்சுடும். இங்கே ஒரு பொறி இருக்கு: சுவர் வெட்டும்போது டைல்ஸ் இருக்காது. கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை ரெண்டு மூணு அங்குலம் ஏறும். அதனால வெறும் தரையிலேர்ந்து அளக்காம, டைல்ஸ் வரப்போற மட்டத்தை முதல்ல சுவத்துல கோடா போடச் சொல்லி, அங்கேர்ந்து அளக்கணும்.

லைட்டைக் கதவுகிட்டயும் கட்டில்கிட்டயும் அணைக்கணும்னா டூ-வே சுவிட்ச் வேணும். ரெண்டு சுவிட்சுக்கும் நடுவுல கூடுதல் வயர் ஓடணும். பைப் புதைக்கிறப்பவே சொல்லலைன்னா அப்புறம் சுவரைத்தான் உடைக்கணும்.

டிவியில தப்பு வேற மாதிரி. 55 அங்குல டிவி சுமார் 48 அங்குல அகலம், 27 அங்குல உயரம். சோபாவுல உக்காந்தவர் கண் மட்டம் தரையிலேர்ந்து 42 அங்குலம்னு வச்சா, டிவி 28½-லேர்ந்து 55½ வரைக்கும் வரும். சரியா நடுவுல பிளக் வச்சா, பிராக்கெட் தகடு அங்கேதான் உக்காரும். மேலும் சுவத்தை ஒட்டி மாட்டுற பிராக்கெட்ல மூணு முள் பிளக்குக்கு இடமே இருக்காது, டிவி முன்னாடி தள்ளி நிக்கும். அதனால பிளக்கை டிவிக்குக் கீழே, யூனிட்டுக்கு மேலே தெரியுற இடத்துல வச்சு, டிவி பின்னாடியிலேர்ந்து அங்கே வர ஒரு அகலமான காலி பைப் மட்டும் புதைச்சுடுங்க. ஐப்பசி மழையில இடி இடிச்சா சுவிட்சை அணைச்சுப் பிளக்கைப் பிடுங்க, டிவிக்குப் பின்னாடி கையை விட வேண்டியதில்லை. அது நாலரை அங்குலச் சுவரா இருந்தா, பெரிய பைப்புக்கு ஆழமா வெட்டுறதுக்கு முன்னாடி மேஸ்திரியைக் கேளுங்க.

சோபா பின்னாடி ஒரு அடி உயரத்துல வச்ச பிளக் சோபா வந்ததும் காணாமப் போயிடும். சோபாவோட கைப்பிடி முடியுற இடத்துக்கு நாலு அங்குலம் தள்ளி, 26 அங்குல உயரத்துல வச்சா போன் சார்ஜ் போட வசதி.

தாம்பரம் சுத்துவட்டாரத்துல உயரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளங்கள் முழுகின. இடுப்பளவு தண்ணிக்கு 26 அங்குலமும் தாங்காதுதான். ஆனா தாழ்வான தெருவுல தரைத்தளம்னா, வயரைத் தரை வழியா கொண்டுபோகாம மேலேர்ந்து இறக்கச் சொல்லுங்க. கீழ் பிளக்குகளுக்குத் தனி எம்.சி.பி. இருந்தா, தண்ணி வடிஞ்சப்புறம் எலக்ட்ரீஷியன் சோதிச்சுட்டு, அவை காயுற வரைக்கும் அதை மட்டும் அணைச்சு வச்சுட்டு லைட், ஃபேனை ஓட்டலாம்.

கடைசியா, சுவர் வெட்டுறதுக்கு முதல் நாள் சாக்பீஸோட போங்க. கட்டில், மேசை, சோபா எல்லாத்தையும் தரையில முழு அளவுல வரைங்க. கட்டில் கோட்டுக்குள்ள படுத்துக் கையை நீட்டிப் பாருங்க. கை எங்கே போகுதோ, பெட்டி அங்கே.