மூலத்துக்கு மிளகாய்தான் எதிரியா?

மூலம் என்று தெரிந்ததுமே வீட்டில் முதலில் தடை விழுவது காரக்குழம்புக்கும் ஊறுகாய்க்கும்தான். அடுத்தது டீ. மது என்றால் கேட்கவே வேண்டாம். இந்த மூன்றும் ஒரே அளவு குற்றவாளிகளா?

மிளகாயைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இத்தாலிய அறுவை மருத்துவர் டொனாட்டோ அல்டோமாரேயின் குழு, இரண்டாம், மூன்றாம் நிலை மூலமுள்ள 50 பேரைச் சேர்த்தது. ஒரு முறை மிளகாய்த்தூள் அடைத்த மாத்திரை, ஒரு வாரம் கழித்து வெற்று மாத்திரை. சிலருக்கு இதே வரிசை தலைகீழாக. எது எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது. இரத்தக்கசிவு, வலி, அரிப்பு, எரிச்சல் எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் விழுங்கியது ஒரே ஒரு மாத்திரை. தினமும் காரம் சாப்பிடுவதைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

அப்படியானால் மறுநாள் காலை எரிகிறதே? மிளகாயின் காரப்பொருள் முழுவதும் செரிப்பதில்லை. நாக்கில் காரத்தை உணரும் அதே வகை நரம்பு முனைகள் ஆசனவாயிலும் உண்டு. எரிச்சல் உண்மைதான், அதனால் மூலம் பெரிதாகிறது என்று ஆகாது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ‘மூலம்’ என்று பலர் சொல்வது ஆசனவாய் வெடிப்பாக இருக்கும். மலம் கழிக்கும்போது பிளேடால் கீறியதுபோல் வலித்து, பிறகும் நெடுநேரம் நீடித்தால் வெடிப்பாக இருக்கலாம். உள்மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் சிவந்த இரத்தம் சொட்டும். புதிய வெடிப்புள்ளவர்களுக்கு மிளகாய் கொடுத்து நாக்பூரில் நடந்த ஆய்வில் வலியும் எரிச்சலும் கூடின. அவர்கள் ஆறும்வரை காரத்தைக் குறைப்பதே நல்லது.

டீ மேல் உள்ள குற்றச்சாட்டு, உடலை வறளவைத்து மலத்தை இறுக்கும் என்பது. தினமும் டீ குடித்துப் பழகியவர்களுக்கு இரண்டு மூன்று கிளாஸால் அப்படி வறட்சி வருவதில்லை. டீயும் பிஸ்கெட்டுமே சாப்பாடாகி, காய்கறியும் கீரையும் தட்டை விட்டுப் போவதுதான் சிக்கல். மூலத்துக்கு நார்ச்சத்து எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்று உண்டு: 378 நோயாளிகளைக் கொண்ட 7 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நார்ச்சத்து எடுத்தவர்களுக்கு இரத்தக்கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

மதுவின் கதை வேறு. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அது அடக்குவதால் உடல் நீரை இழக்கிறது. மறுநாள் மலம் இறுகலாம். நெடுநாள் குடியில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்படும்போது அதற்குள் போக வேண்டிய இரத்தம் தேங்கி, மலக்குடலின் சிரைகள் புடைக்கும். அதிலிருந்து கொட்டும் இரத்தத்தை மூலம் என்று நினைத்து வளையம் போட்டாலோ அறுத்தாலோ உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இரத்தம் போகிறது என்று மருத்துவரிடம் செல்பவர், எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.